ஏணி வேண்டாம்... துரட்டி வேண்டாம்! கைக்கெட்டும் உயரத்தில் முருங்கை வளர்ப்பது எப்படி?

ஒரகடத்திலிருந்து வல்லம், வடகால் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். ஒரு பக்கம் சிப்காட் கம்பெனிகளின் நீளமான காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் புதுசு புதுசாக முளைத்திருக்கும் வீட்டு மனைகள். அந்த வீடுகளில் பலவற்றின் பின்பக்கம் ஒரு முருங்கை மரம் கண்டிப்பாக இருக்கும். ஆனால், காய் எங்கே இருக்கும் தெரியுமா? மொட்டை மாடிக்கும் மேலே! நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மனுஷன் தூங்காமல், கைப்பிடிச் சுவர்மேல் ஒரு காலை வைத்து, துரட்டியோடு எட்டிக்கொண்டிருப்பார். கீழே நிற்கும் வீட்டம்மாவுக்கு சாம்பாரைவிட அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் அதிகம்.

இதில் தப்பு மரத்தின் மீது இல்லை. முருங்கையை அதன் போக்கில் விட்டால் ஒரே வருஷத்தில் 10 அடியைத் தாண்டிவிடும். பூவும் காயும் புதிதாக வளரும் கிளைகளில்தான் வரும் என்பதால், மரம் உயர உயர காயும் கூடவே மேலே போகும். 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்' என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். எப்போது ஒடிக்க வேண்டும், எந்த உயரத்தில் ஒடிக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வர்தா சொல்லிக்கொடுத்த பாடம்

எங்கள் வீடு ஒரகடம் பக்கம்தான். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்த அன்று, பின்பக்கம் இருந்த முருங்கை மரம் வேரோடு சாய்ந்து, விறகடுப்பு வைத்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் மேல் விழுந்தது. 20 அடிக்கு மேல் வளர்ந்த மரம். நல்லவேளை, அந்த நேரத்தில் ஷெட்டில் யாரும் இல்லை.

மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியபோதுதான் ஒன்றைக் கவனித்தோம். அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேரே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த போத்தை நட்டு வளர்த்த மரம் அது. போத்து என்றால் நடுவதற்காக வெட்டி எடுக்கும் கிளை. அதிலிருந்து வரும் மரத்துக்கு வேர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போகும். விதையிலிருந்து வரும் மரத்துக்குத்தான் கிழங்கு மாதிரி தடித்த ஆணிவேர் நேராக இறங்கும். போதாததற்கு முருங்கைக் கட்டை ரொம்ப மெதுவானது. 'முருங்கை பருத்தால் தூணாகுமா?' என்று பழமொழியே இருக்கிறதே!

அம்மா அப்போது எடுத்த முடிவு: "இனிமே விதை போட்டுத்தான் வைக்கணும். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வெட்டிடணும். மரம் நமக்குத்தான் வளரணும், காக்காவுக்கு இல்ல." அப்படி வைத்த மரம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நின்றது. காரணம் சிம்பிள்... புயல் வந்தபோது அதன் உயரம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை.

போத்தா, விதையா?

இரண்டிலும் நல்லது உண்டு. போத்தில் வைத்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வரும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது சதைப்பற்றுள்ள, கசக்காத காய் காய்த்தால், அதே காய் உங்களுக்கும் கிடைக்கும். யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை மாதிரி பல வருஷம் நிற்கும் ரகங்களைப் போத்து வைத்துத்தான் பெருக்குவார்கள். விதையில் இந்த உத்தரவாதம் கிடையாது. முருங்கைப் பூவில் தேனீக்கள் வழியாக மற்ற மரங்களின் மகரந்தமும் சேரும் என்பதால், வீட்டு மரத்தில் முற்றிய நெற்றிலிருந்து எடுத்த விதை, தாய் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் விதை போடுவதாக இருந்தால் ரகம் தெரிந்த விதையாக வாங்குங்கள். அதிகம் பயிராவது பி.கே.எம்-1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானதால் இந்தப் பெயர். தூத்துக்குடி மாவட்டம் எப்போதும்வென்றான் ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து தேர்வு செய்த ரகம். விதைத்து 160 முதல் 170 நாள்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். காய் இரண்டு அடிக்கும் மேல் நீளம் வரும். செடி முருங்கை என்று சொல்வது இதைத்தான். வெட்டி வெட்டி விட்டால் மூன்று, நான்கு வருஷம் வரை நன்றாகக் காய்க்கும். பிறகு புது விதை போடுவது நல்லது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விதை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

காற்று அடிக்கும் வெட்டவெளி மனை என்றால் என் ஓட்டு விதைக்குத்தான். சுற்றிலும் வீடுகள் இருக்கும் மறைவான இடம், பிடித்த தாய் மரம் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் போத்து வைக்கலாம். இரண்டையும் வெட்டிக் குட்டையாக வைக்கும் முறை ஒன்றுதான்.

மழைக்காலத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

நம் பக்கம் பெரிய மழை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. பூ இருக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் பூ மொத்தமும் கொட்டிவிடும். இளஞ்செடியின் அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்கிற மாதிரி நாங்கள் பின்பற்றும் கணக்கு இது.

நவம்பர் கடைசியில் விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பாலித்தீன் பையில் ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு விதை போடுவோம். பையின் அடியில் கண்டிப்பாக ஓட்டை இருக்க வேண்டும். பையைத் தாழ்வாரத்தில், வெளிச்சம் படும், ஆனால் நேரடி மழை படாத இடத்தில் வைத்துவிடலாம். 10, 12 நாள்களில் முளைத்துவிடும். இரண்டில் தெம்பானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.

ஜனவரி முதல் வாரம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில், 35 முதல் 40 நாள் வயதில் செடியை நிலத்தில் நடுவோம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும். பையைப் பிளேடால் கிழித்து, மண்கட்டி உடையாமல் எடுங்கள். ஆணிவேர் முறிந்தால் விதை போட்டதற்கான பலனே போய்விடும். பைக்குள் ரொம்ப நாள் விட்டாலும் வேர் சுருண்டுவிடும்.

போத்துக்குக் கணக்கு வேறு. ஜூன், ஜூலையில் நட்டால் ஆடி, ஆவணியில் அவ்வப்போது வரும் சாயங்கால மழையிலேயே வேர் பிடித்து, பெருமழைக்குத் தயாராகிவிடும். மணிக்கட்டு பருமனுக்குக் குறையாத, முற்றிய கிளையாக மூன்றிலிருந்து நான்கு அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பச்சையான நுனிக்கிளை வேண்டாம், அழுகிவிடும். இரண்டு, மூன்று நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்தபின், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். மேல் நுனியில் தண்ணீர் இறங்காமல் இருக்கச் சாணியை அப்பிவிடுவது வழக்கம். கிளையில் எது அடிப்பக்கமோ, அதுதான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டிவிடுங்கள்.

போத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நட்ட மூன்று வாரத்தில் பச்சைப் பசேலென்று துளிர் வரும். 'பிடிச்சிடுச்சு' என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அந்தத் துளிர், கட்டைக்குள் சேமிப்பில் இருந்த சத்தை வைத்து வந்தது. அடியில் வேரே இல்லாமல் இருக்கலாம். துளிர் ஒரு அடியைத் தாண்டி, வெயிலிலும் வாடாமல் நீண்டுகொண்டே போனால்தான் வேர் பிடித்ததாக அர்த்தம். அதுவரை ஆட்டிப் பார்க்காதீர்கள். தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் லேசான ஈரமாக இருந்தால் போதும்.

மனை மண்தான் பெரிய வில்லன்

இந்தப் பக்கத்து லேஅவுட்களில் பல, ஏற்கெனவே நெல் வயலாகவோ ஏரிப் பாசன நிலமாகவோ இருந்தவை. மேலே ஒன்றிரண்டு அடி கிராவல் கொட்டியிருப்பார்கள், கீழே களிமண் இருக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சிமென்ட்டும் அதோடு கலந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும்.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீரை நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தில் நேரடியாக நடக் கூடாது. ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மேடாகக் கூட்டி, அதன் உச்சியில் நடுங்கள். தண்ணீர் வடிந்திருந்தால், எடுத்த மண்ணில் கல்லையும் சிமென்ட்டையும் பொறுக்கிவிட்டு, இரண்டு கூடை மக்கிய தொழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்து குழியை நிரப்பி நடலாம்.

சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் எட்டு, பத்து அடியாவது தள்ளி வையுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடமாக இருக்கட்டும். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கம்பியில் உரசும் மரம் இருந்தால் நீங்களே வெட்டப் போகாதீர்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் சொன்னால், மின்சாரத்தை நிறுத்தி வெட்ட ஏற்பாடு செய்வார்கள்.

முதல் கிள்ளு... இரண்டரை அடியில்!

இனிதான் முக்கியமான வேலை. ஜனவரியில் நட்ட செடி பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ இரண்டரை அடி உயரம் வந்துவிடும். அப்போது நுனியை ஒரு சாண் அளவுக்குக் கிள்ளிவிட வேண்டும். 'நல்லா வளர்ற செடியை ஏன் ஒடிக்கணும்?' என்று மனசு கேட்காது. ஆனால், கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக வீட்டுக் கூரை உயரத்துக்குப் போய்த்தான் கிளை பிரியும். கிள்ளிவிட்டால் இரண்டு வாரத்தில் கீழேயிருந்தே பக்கக் கிளைகள் வரும்.

அந்தப் பக்கக் கிளைகள் ஒன்றரை அடி நீண்டதும் அவற்றின் நுனியையும் ஒரு முறை கிள்ளுங்கள். அவ்வளவுதான், அதற்குமேல் கிள்ள வேண்டாம். கிள்ளிக்கொண்டே இருந்தால் பூக்கும் காலம் தள்ளிப்போகும். கிள்ளிய கீரை அன்றைக்குப் பொரியலுக்கு ஆச்சு!

மூன்றாவது மாதம் ஒரு செடிக்கு 100 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட், 50 கிராம் பொட்டாஷ் என்பது தோட்டங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. வீட்டில் ஒரு மரத்துக்கு இரண்டு கூடை மக்கிய எருவே போதும் என்பது எங்கள் அனுபவம். யூரியாவையும் தண்ணீரையும் அள்ளிக் கொடுத்தால் இலை தழைக்கும், பூ வராது. 'மரம் செழிப்பா இருக்கு, ஆனா காய்க்கலையே' என்று கேட்பவர்கள் வீட்டில், பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுக்க முருங்கைக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் கணக்கில் ஏப்ரல் கடைசியில் பூ வந்து, மே கடைசியிலிருந்து காய் பறிக்கலாம். நுனி கிள்ளியதால் இரண்டு, மூன்று வாரம் தாமதமாவது சகஜம்.

புரட்டாசியில் ஒரு பெரிய வெட்டு

செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம். அதாவது ஆவணி கடைசி அல்லது புரட்டாசி தொடக்கம். மரத்தில் நாலு காய் மிச்சம் இருந்தாலும் பறித்துவிட்டு, தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் மொத்த மரத்தையும் வெட்டிவிடுவோம். நம் இடுப்பு உயரம்தான். பார்க்க மொட்டையாக, பாவமாக இருக்கும். பயப்படாதீர்கள்.

ஏன் செப்டம்பர்? முதல் காரணம், பெருமழைக்கு முன் வெட்டுவாய் ஆற நான்கைந்து வாரம் கிடைக்கும். இரண்டாவது, புயல் வரும் நவம்பர், டிசம்பரில் மரம் குட்டையாக இருக்கும், காற்று பிடிக்கத் தலை இருக்காது. மூன்றாவது, வெட்டியதிலிருந்து மறுபடி பூக்க நான்கைந்து மாதம் ஆகும். செப்டம்பரில் வெட்டினால் மழையெல்லாம் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் பூ வரும். இதையே ஜூலையில் வெட்டினால் நவம்பர் மழையில் பூத்து, மொத்தமும் தரையில் கிடக்கும்.

அரிவாளால் ஓங்கி வெட்டாதீர்கள். முருங்கையின் மெதுவான கட்டை பிளந்து, பட்டை கீழ் வரைக்கும் உரிந்து வந்துவிடும். கைரம்பத்தால் அறுங்கள். தடித்த கிளை என்றால், முதலில் அடிப்பக்கத்திலிருந்து ஒரு அங்குலம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தங்காது. உரக்கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து வெட்டுவாயில் தடவினால் அழுகல் வராது. முகத்தில் படாமல், கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள்.

அடுத்த சில வாரங்களில் கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் அடுத்த தப்பு. நெருக்கமாக வளர்ந்தால் எல்லாமே மெலிந்து, வெயிலைத் தேடி மேலே ஓடும். துளிர் ஒரு அடி வந்ததும், ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக, வெளிப்பக்கம் பார்த்து வளரும் ஐந்து அல்லது ஆறை வைத்துக்கொண்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். வைத்த கிளைகள் இரண்டு அடி வந்ததும் நுனியை ஒரு தடவை கிள்ளுங்கள். காய்க்கும்போது மரம் ஏழு, எட்டு அடிக்குள் குடை மாதிரி விரிந்திருக்கும். பெரும்பாலான காய்களைத் தரையில் நின்றபடியே பறிக்கலாம்.

ஏற்கெனவே 20 அடி வளர்ந்துவிட்ட மரம் இருந்தால்? அதையும் இதே மாதத்தில் குறைக்கலாம். கிளை கிளையாக மேலிருந்து கழித்து, கடைசியில் நாலு அடியில் நிறுத்துங்கள். வீட்டுக்கூரையோ வண்டியோ பக்கத்தில் இருந்தால் மரம் வெட்டத் தெரிந்தவரை வைத்துக் கயிறு கட்டி இறக்குங்கள். முருங்கையில் ஏறி வெட்டுவது மட்டும் வேண்டாம். தடித்த கிளைகூட ஆள் பாரம் தாங்காது.

கீரைக்கு ஒன்று, காய்க்கு ஒன்று

ஒரே மரத்தில் வாரா வாரம் கீரையும் ஒடித்து, காயும் எதிர்பார்த்தால் இரண்டும் குறையும். பூக்க வேண்டிய நுனியைத்தான் நாம் கீரைக்காக ஒடிக்கிறோம். இடம் இருந்தால் எட்டு அடி இடைவெளியில் இரண்டு மரம் வையுங்கள். கீரை மரத்தை இரண்டடி உயரத்திலேயே வைத்து, 40 நாளுக்கு ஒரு முறை வெட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு, இந்தக் கீரை மரத்தை மட்டும் வளர்க்கலாம். வாளியில் காய் எதிர்பார்க்க வேண்டாம்.

என்ன பிரச்னை, எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை மஞ்சளாகிக் கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் மஞ்சளாகும், அதிகமானாலும் மஞ்சளாகும். அடியில் நாலு விரல் ஆழம் தோண்டி மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் பற்றாக்குறை. கையில் ஒட்டிப் பிசுபிசுத்தால் தண்ணீர் அதிகம். தண்டின் அடிப்பட்டை மெத்தென்று அமுங்கி, கெட்ட வாடை வந்தால் வேர் அழுகல் தொடங்கிவிட்டது. தண்ணீரை வடித்து, அடிமண்ணை விலக்கிக் காயவிட்டால் ஆரம்பக் கட்டத்தில் பிழைக்கலாம். பட்டை கழன்று வந்துவிட்டால் அந்தச் செடியை எடுத்துவிட்டு, மேடு போட்டுப் புதிதாக வையுங்கள்.

அடுத்தது கம்பளிப்பூச்சி. வாசலில் முருங்கை வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்குப் பிறகு வரும். பகலில் தண்டில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். மேலே பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். உயரமான மரத்தில் இலையெல்லாம் போன பிறகுதான் தெரியும். குட்டை மரத்தில் கண்ணுக்கு எதிரேயே இருக்கும். ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நீளத் துடைப்பக் கட்டையால் கூட்டத்தோடு அதில் தள்ளிவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

இந்த வருஷம் புரட்டாசி பிறக்கும் வாரத்தில் உங்கள் வீட்டு முருங்கையின் கீழே நின்று, கையை உயர்த்திப் பாருங்கள். கைக்கு எட்டாத காய் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு தூரம் மரம் உங்களை விட்டுப் போயிருக்கிறது. ரம்பத்தை எடுக்க அதுதான் சரியான வாரம்.